பெரியவர்களுக்கான பணச்செயலி ஸ்லைடுகள்: கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி

போனில் பணம் அனுப்புவது எப்படி என்று அம்மாவுக்காக ஒரு ஸ்லைடு தொகுப்பு செய்தேன். அது அத்தைக்குப் போனது, அத்தையிடமிருந்து பெரியப்பாவுக்குப் போனது. ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு இடத்தில் சொதப்பியது. ஒவ்வொரு முறையும் முதலில் அவர்களைத்தான் குறை சொன்னேன். தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் கோளாறு என் ஸ்லைடில்தான் இருந்தது.

அந்தக் கோளாறுகளை அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அதற்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் சுலபமாகச் சரிசெய்யக்கூடிய காரணம் முதலில் வரும், வேலை வாங்கும் காரணம் கடைசியில் வரும்.

## அறிகுறி: ஸ்கிரீன்ஷாட் கறுப்பாக வருகிறது

ஸ்லைடு செய்ய உட்கார்ந்த முதல் ஐந்து நிமிடத்தில் இது நடக்கும். செயலியின் முகப்புப் பக்கம் படமாக விழும், ரகசிய எண் பக்கம் மட்டும் வெறும் கறுப்பாக வரும். சில போன்களில் படம் எடுக்கவே முடியாது என்று ஒரு வரி தோன்றும். போனில் கோளாறு இல்லை. அந்தப் பக்கத்தைப் படமெடுக்க விடாதே என்று செயலியே சொல்லி வைத்திருக்கிறது. திரையைக் காணொலியாகப் பதிவு செய்தாலும் அங்கே கறுப்புதான் வரும்.

இதைத் தாண்டுவதற்கென்று எந்தச் செயலியையும் நிறுவாதீர்கள். பாதுகாப்பைக் கற்றுக்கொடுக்கப் போகிற ஆள் அதே பாதுகாப்பை உடைத்துவிட்டுப் போவது நன்றாக இருக்காது. இன்னொரு போனால் படம் எடுக்கலாம், ஆனால் கோடு கோடாக விழும், விளக்கு வெளிச்சம் பளிச்சென்று அடிக்கும். நான் இப்போது அந்தப் பக்கத்தை ஸ்லைடிலேயே வரைந்துவிடுகிறேன். ஒரு நீள்சதுரம், மேலே பெயர், நடுவில் தொகை, கீழே எண் பலகை. பத்து நிமிட வேலை. நிஜத் திரையில் ஓரத்தில் மின்னிக்கொண்டிருக்கும் விளம்பரமும் சலுகைப் பட்டையும் இதில் இருக்காது என்பது கூடுதல் வசதி.

படமாக விழுந்த பக்கங்களில் வேறொரு சிக்கல் இருக்கிறது. உங்கள் இருப்புத் தொகை, கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்கள், நீங்கள் யார் யாருக்கு அனுப்பினீர்கள் என்ற பட்டியல் எல்லாம் அதில் இருக்கும். ஸ்லைடில் அதன்மேல் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்து மறைத்தால் போதாது. கோப்பைத் திறப்பவர் பெட்டியைத் தள்ளிவிட்டுப் பார்க்கலாம். ஓரத்தை வெட்டினாலும், வெட்டிய பகுதி கோப்புக்குள்ளேயே தங்கியிருக்க வாய்ப்பு உண்டு. போனின் படத் திருத்தியிலேயே அழித்து, புதிய படமாகச் சேமித்து, அதன் பிறகு ஸ்லைடில் சேருங்கள்.

க்யூஆர் படத்துக்கு இன்னும் கவனம் வேண்டும். 'பயிற்சிக்கு' என்று என்னுடைய க்யூஆரையே ஒரு ஸ்லைடில் போட்டிருந்தேன். பெரியப்பா சிரத்தையாகப் பயிற்சி செய்தார், பணம் என் கணக்குக்கு வந்து சேர்ந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது ஸ்லைடில் உள்ள க்யூஆரின் மூன்று மூலைச் சதுரங்களில் இரண்டை அழித்துவிடுகிறேன். பார்க்க க்யூஆர் மாதிரியே இருக்கும், ஸ்கேன் ஆகாது. அனுப்புவதற்கு முன் நீங்களே ஒருமுறை ஸ்கேன் செய்து பார்த்துவிடுங்கள்.

## அறிகுறி: 'எழுத்தே தெரியலப்பா'

முதலில் கேட்க வேண்டியது, எதில் பார்க்கிறார்கள் என்பது. நாம் கணினியில் செய்கிறோம், அவர்கள் போனில் பார்க்கிறார்கள். வழக்கமான அகல ஸ்லைடு 13.33 அங்குலம் அகலம் கொண்டது. நேராகப் பிடித்த போனின் திரை சுமார் 2.7 அங்குலம்தான். அதாவது எல்லாமே ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. நீங்கள் 24 புள்ளியில் போட்ட எழுத்து அங்கே சுமார் 5 புள்ளியாகத் தெரியும், மாத்திரை அட்டையின் பின்பக்க எழுத்து மாதிரி.

எழுத்தைப் பெரிதாக்குவதற்கு முன் ஸ்லைடை நிமிர்த்துங்கள். பவர்பாயின்ட்டில் இங்கே போக வேண்டும்:

```
Design > Slide Size > Custom Slide Size
Width: 7.5 in   Height: 13.333 in
```

இப்போது அதே போனில் 40 புள்ளி எழுத்து 14 புள்ளிக்குச் சற்று மேலாகத் தெரியும். அது வாசிக்கக்கூடிய அளவு. ஒரு ஸ்லைடில் இருபது சொல்லுக்கு மேல் கொள்ளாது. அதுவும் நல்லதுதான், கொள்ளாததை வெட்டித்தான் ஆக வேண்டும்.

எழுத்து சிறிதாக இல்லை, உடைந்து வருகிறது, கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றன என்றால், ஸ்லைடு கோப்பை அப்படியே அனுப்பியிருப்பீர்கள். உங்கள் எழுத்துரு அவர்கள் போனில் இல்லை. பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். எழுத்து உடையவில்லை, ஆனால் மங்கலாகத் தெரிகிறது என்றால், பக்கங்களைப் படங்களாக அனுப்பியிருப்பீர்கள். அனுப்பும் செயலி அவற்றைச் சுருக்கிவிடும். ஆவணமாக அனுப்புங்கள். தமிழுக்குப் பதிலாகக் குப்பை எழுத்துகள் வருகின்றன என்றால், எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய பத்தி பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் இருந்திருக்கிறது. அதை மாற்றித்தான் ஆக வேண்டும், குறுக்கு வழி இல்லை.

இத்தனையும் செய்த பிறகும் கையெட்டும் தூரத்தில் படிக்க முடியவில்லை, எழுத்தைச் சுற்றி ஒளிவட்டம் தெரிகிறது, பக்கத்தில் விளக்கைப் போட்டால் கூசுகிறது என்று சொன்னால் ஸ்லைடைத் தொடாதீர்கள். கண் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அத்தைக்கு மூன்று முறை எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்த பிறகுதான் கண்புரை என்று தெரிந்தது.

## அறிகுறி: 'நீ காட்டினது மாதிரி இங்க இல்லையே'

இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே பக்கத்தைத் திறந்து பாருங்கள். முக்கால்வாசி நேரம் பதில் கண்ணெதிரே இருக்கும். அவர் செயலியின் மொழி தமிழ், உங்களுடையது ஆங்கிலம். அவர் போனில் எழுத்து அளவைப் பெரிதாக வைத்திருப்பதால், உங்கள் படத்தில் நடுவில் இருக்கும் பொத்தான் அவர் திரையில் கீழே தள்ளப்பட்டு மறைந்திருக்கும், விரலால் நகர்த்தினால்தான் வரும். ஒருவர் போன் கறுப்புப் பின்னணியில் இருக்கும், இன்னொருவர் போன் வெள்ளையில் இருக்கும். இந்த மூன்றுக்கும் ஒரே தீர்வுதான். படங்களை அவர் போனிலேயே, அவர் வைத்திருக்கும் அமைப்பிலேயே எடுங்கள். அவருடைய அமைப்பை உங்கள் ஸ்லைடுக்கு ஏற்ப மாற்றாதீர்கள். அவர் எழுத்தைப் பெரிதாக வைத்ததற்குக் காரணம் இருக்கும்.

நேற்றுவரை ஒத்துப்போய் இன்று மாறியிருந்தால் செயலி புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. இதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. அதனால் 'மேலே வலது மூலையில் உள்ள நீல வட்டம்' என்று எழுதாதீர்கள். வட்டம் நகரும், நீலம் பச்சையாகும். பொத்தானில் எழுதியிருக்கும் சொல்லை எழுதுங்கள். சொல் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை.

## அறிகுறி: எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், மறுநாள் ஒன்றும் நினைவில்லை

ஸ்லைடுகளை எண்ணுங்கள். என் முதல் தொகுப்பில் 34 இருந்தன. பணம் அனுப்புவது, வாங்குவது, இருப்பு பார்ப்பது, கட்டணம் கட்டுவது என்று எல்லாவற்றையும் அதில் அடைத்திருந்தேன். இப்போது ஒரு தொகுப்புக்கு ஒரே வேலை, எட்டு ஸ்லைடு. முதல் தொகுப்பு 'தெரிந்த ஒருவருக்கு அனுப்புவது' என்பதோடு நின்றுவிடும்.

குறைத்தும் நிற்கவில்லை என்றால், போன் யார் கையில் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். என் கையில் இருந்தது. நான் செய்தேன், அவர்கள் பார்த்தார்கள். நினைவு அவர்கள் விரலில் ஏறவே இல்லை. ஒரு மிகச் சிறிய தொகையை அவர்களே உங்களுக்கு அனுப்பட்டும். நீங்கள் வாயைத் திறக்காமல், விரல் எங்கே தயங்குகிறது என்று மட்டும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. தயங்கிய இடத்துக்கு மட்டும் ஒரு ஸ்லைடு சேருங்கள், தயங்காத இடத்தில் இருப்பதை எடுத்துவிடுங்கள்.

ஸ்லைடு பிரச்சினையே இல்லாமலும் இது வரலாம். பல வருடமாகச் செய்துவந்த வேலைகளும் சேர்ந்து மறந்துபோகின்றன, ஒரே தொகையை ஒரே நாளில் திரும்பத் திரும்ப அனுப்புகிறார் என்றால் பாடத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

## அறிகுறி: பாதுகாப்பு விதி மனப்பாடம், ஆனாலும் மாட்டிக்கொள்கிறார்

நான் அதிகம் மாற்றி எழுதியது இந்தப் பகுதியைத்தான்.

அத்தைக்கு வந்த அழைப்பில் பேசியவன், அவருக்கு ஒரு தொகை திரும்ப வர வேண்டியிருக்கிறது என்றான். "உங்க போன்ல ஒரு செய்தி வரும்மா, அதைத் தொட்டு நம்பரைப் போட்டீங்கன்னா பணம் ஏறிடும்." அத்தை தொட்டார், எண்ணைப் போட்டார், பணம் போய்விட்டது. நான் தலையில் கை வைத்துக்கொண்டு, "அத்தை, ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு ஸ்லைடுலயே இருந்ததே?" என்றேன்.

"நான் யாருக்குடா சொன்னேன்? நானேதானே போட்டேன்?"

அவர் சொன்னது சரி. என் ஸ்லைடு 'சொல்லாதே' என்றுதான் சொல்லியது. அவர் வாய் திறக்கவே இல்லை. மோசடிக்காரனுக்கு அந்த எண் தெரிய வேண்டிய அவசியமே இல்லை, அத்தை தன் கையால் தன் போனில் போட்டால் போதும். விதியை அவர் மீறவில்லை. நான் கொடுத்த விதியில்தான் ஓட்டை இருந்தது.

சரி என்று புது ஸ்லைடு செய்தேன். ரகசிய எண் பலகையை வரைந்து, மேலே பெரிதாக, 'இந்தத் திரை வந்தால் என் பணம் வெளியே போகப் போகிறது' என்று எழுதினேன். நல்ல வரி என்று எனக்கே திருப்தி. அத்தை படித்துவிட்டு, "இருப்பு பாக்கும்போதும் இது கேக்குதே, அப்பவும் போயிடுமா?" என்றார். அவர் வைத்திருந்த செயலி இருப்பு காட்டவும் அதே எண்ணைத்தான் கேட்டது. விதிக்கு ஒரு விலக்கு இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், மோசடிக்காரன் 'இதுவும் அது மாதிரிதாம்மா' என்று சொல்ல வழி கிடைத்துவிடும்.

மூன்றாவது முறை எழுதியது இன்றுவரை நிற்கிறது: 'நான் ஆரம்பிக்காத வேலைக்கு இந்தத் திரை வந்தால் மூடிவிடு.' நானே இருப்பு பார்க்கப் போனேன், எண் கேட்கிறது, போடலாம். நானே மருமகளுக்கு அனுப்பப் போனேன், போடலாம். ஒருவன் அழைத்தான், ஒரு செய்தி வந்தது, ஒரு இணைப்பைத் தொட்டேன், அதற்குப் பிறகு எண் கேட்கிறது என்றால் ஆரம்பித்தவன் அவன். மூடு. இதன் கீழே இன்னொரு வரியும் சேர்த்தேன்: 'பணம் வாங்க ரகசிய எண்ணும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம்.'

உங்கள் வீட்டில் யாராவது இப்படி மாட்டிக்கொண்டால் இந்த வரிசையில் பாருங்கள். முதலில் விதியின் வினைச்சொல்லைப் பாருங்கள். 'சொல்லாதே' மட்டும் இருக்கிறதா, 'போடாதே', 'ஸ்கேன் செய்யாதே' என்பவையும் இருக்கின்றனவா?

அடுத்தது, எந்த எண்ணைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று அவருக்குத் தெரிகிறதா என்பது. போனைத் திறக்க ஒரு எண், செயலியைத் திறக்க ஒன்று, பணம் அனுப்ப ஒன்று, குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி ஒன்று. வீட்டில் நான்குக்கும் பெயர் 'நம்பர்'தான். நான்கையும் நான்கு நிறத்தில் ஒரே ஸ்லைடில் போட்டு, எது எப்போது கேட்கும் என்று ஆளுக்கொரு வரி எழுதினேன். பெரியப்பா அன்றைக்குத்தான், "ஓ, இது வேற அது வேறயா?" என்றார். அதுவரை எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணை வைத்திருந்தார். அதையும் அன்றைக்கே மாற்றினோம்.

மூன்றாவது, தொலைவிலிருந்து திரையைப் பார்க்கும் செயலி. 'உதவிக்காக' என்று சொல்லி ஒன்றை நிறுவச் சொல்வார்கள். அதன் பிறகு யாரும் எதையும் கேட்கவே வேண்டாம், வருகிற ஓடிபியை அவனே படித்துக்கொள்வான். 'அழைப்பில் இருக்கும் ஒருவர் சொல்லி எதையும் நிறுவாதே' என்று தனி ஸ்லைடு வேண்டும். போனில் ஏற்கெனவே அப்படி ஒன்று இருக்கிறதா என்றும் செயலிப் பட்டியலில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இவையெல்லாம் இருந்தும் நடக்கிறது என்றால், ஸ்லைடு படிக்கக் கொடுக்கிறதே தவிர பழகக் கொடுக்கவில்லை. விதியை எடுத்துவிட்டு ஒத்திகை வையுங்கள். ஒரு ஸ்லைடில் அவரே அனுப்பும் திரை, அடுத்ததில் அதே மாதிரி தோற்றத்தில் யாரோ பணம் கேட்கும் திரை. மேலே உள்ள ஒரு வரிதான் வித்தியாசம். "இது போறதா, வர்றதா?" என்று கேளுங்கள். பிறகு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பக்கத்து அறையிலிருந்து நீங்களே அழைத்து அந்த மோசடிக்காரன் மாதிரி பேசிப் பாருங்கள். அத்தை இரண்டாவது ஒத்திகையில் என் குரலைக் கண்டுபிடித்துத் திட்டினார். ஆனால் எண்ணைப் போடவில்லை.

## அறிகுறி: ஒரே பணத்தை இரண்டு முறை அனுப்பிவிடுகிறார்

உங்கள் ஸ்லைடில் பணம் அனுப்பிய உடனே பச்சை டிக் வந்துவிடுகிறதா? என்னுடையதில் அப்படித்தான் இருந்தது. நிஜத்தில் சில சமயம் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், அல்லது 'நிலுவையில்' என்று நிற்கும். அந்தத் திரையை அவர்கள் பார்த்ததே இல்லை. டிக் வரவில்லை, அப்படியென்றால் போகவில்லை, திரும்ப அனுப்பு என்று போய்விடுகிறார்கள்.

டிக், நிலுவை, தோல்வி என்று மூன்று முடிவுகளையும் வரைந்து காட்டுங்கள். நிலுவை என்றால் திரும்ப அனுப்பக் கூடாது, செயலியின் பரிவர்த்தனை வரலாற்றைத் திறந்து கடைசி வரியைப் பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள். நாள் கடந்தும் தீராமல், கணக்கில் பணம் குறைந்து, வாங்குபவருக்கும் சேரவில்லை என்றால் பரிவர்த்தனை எண்ணோடு வங்கியிடம் போக வேண்டியதுதான்.

## அறிகுறி: பயந்துபோய் போனையே அடுத்தவரிடம் கொடுக்கிறார்

பயமுறுத்தும் ஸ்லைடுகள் அதிகமானால் இது நடக்கும். பெரியப்பா பக்கத்தில் நிற்பவரிடம் போனை நீட்டி, எண்ணையும் சத்தமாகச் சொல்லி, "நீங்களே அனுப்பிடுங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். மோசடியைப் பற்றிய ஒன்பது ஸ்லைடுகளின் பலன் அது. பயத்தை இரண்டு ஸ்லைடுக்குள் நிறுத்திவிட்டு, தொகுப்பின் முதலிலேயே 'எப்படி வெளியே வருவது' என்று ஒன்று வையுங்கள். எண்ணைப் போடாதவரை, பின்னால் போகும் பொத்தானைத் தொட்டால் எதுவும் ஆகாது என்று அவர்களே நாலு தடவை செய்து பார்க்கட்டும்.

அப்படியும் தயக்கம் போகவில்லை என்றால் பணத்தின் பக்கம் சரிசெய்யுங்கள். சேமிப்பெல்லாம் இருக்கும் கணக்கைச் செயலியோடு இணைக்காமல், சிறு தொகை மட்டும் இருக்கும் தனிக் கணக்கை இணைக்கலாம். செயலியோ வங்கியோ ஒருநாள் வரம்பு வைக்க விட்டால் அதையும் குறைத்து வைக்கலாம். கணக்கு திறக்க ஒரு நடை போக வேண்டும், அதனால்தான் இதைக் கடைசியில் சொல்கிறேன்.

## பணம் போயேவிட்டது என்றால்

எந்த ஸ்லைடும் உதவாது. அறிமுகமில்லாத ஒருவருக்குப் பணம் போனது தெரிந்த நிமிடமே வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்ல வேண்டும், அடுத்தது காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவு. திரையைப் பார்க்கும் செயலி நிறுவப்பட்டிருந்தால் முதலில் இணையத்தைத் துண்டித்துவிட்டு, வேறு போனிலிருந்து அழையுங்கள். வந்த செய்திகளை அழிக்காதீர்கள். 'பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் கட்டுங்கள்' என்று அடுத்த வாரம் ஒருவன் அழைப்பான், அவனும் அதே கூட்டம்தான்.

வங்கியின் எண்ணைத் தேடுபொறியில் தேடாதீர்கள். போலி உதவி எண்களைப் போட்டு வைத்துக் காத்திருப்பவர்கள் உண்டு. அட்டையின் பின்பக்கத்தில் அச்சடித்திருக்கும் எண்ணை இப்போதே பார்த்துக் கடைசி ஸ்லைடில் எழுதி, அவர் போனின் தொடர்புப் பட்டியலிலும் சேமித்துவிடுங்கள். என்ன பெயரில் சேமிப்பது என்று அவரையே கேளுங்கள். நான் வங்கியின் முழுப் பெயரைப் போட்டு வைத்திருந்தேன், அவசரத்தில் அத்தையால் தேட முடியவில்லை. இப்போது அவர் போனில் அது 'அய்யோ பணம்' என்ற பெயரில் இருக்கிறது.